பாட்காஸ்ட் பேச்சை எழுத்தாக்கிய பக்கத்துக்குத் தலைப்பு வைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எபிசோட் எண், விருந்தினர் பெயர், "டிரான்ஸ்கிரிப்ட்" என்ற சொல். இந்த மூன்றும் இருந்தால் தலைப்புக்குப் போதாதா?

உங்கள் நிகழ்ச்சியை ஏற்கெனவே கேட்பவருக்குப் போதும். "47-ஆம் எபிசோடில் என்னமோ சொன்னார்களே" என்று திரும்பி வருபவர் அந்த எண்ணை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். ஆனால் ஒரு மணி நேரப் பேச்சை நாள்கணக்கில் உட்கார்ந்து எழுத்தாக்குவது அவருக்காக அல்ல, அவரிடம்தான் ஒலியே இருக்கிறது. உங்கள் நிகழ்ச்சியின் பெயரையே கேள்விப்படாத ஒருவர் தேடுபெட்டியில் தன் சிக்கலைத் தட்டும்போது இந்தப் பக்கம் அவர் கண்ணில் பட வேண்டும். அதற்காகத்தான் எழுத்து வடிவம்.

அவர் "எபிசோட் 47" என்று தட்டப் போவதில்லை. "டிரான்ஸ்கிரிப்ட்" என்றும் தட்டப் போவதில்லை. விருந்தினர் ஊரறிந்தவராக இருந்தால் பெயரைத் தட்டலாம். அப்படி இல்லாதவரின் பெயர் தலைப்பின் முதல் பாதியை அடைத்துக்கொள்ளும், பலன் தராது. ஆகவே தலைப்பு பேச்சின் பொருளில் தொடங்கட்டும். எண்ணும் பெயரும் தலைப்புக்கு அடுத்த வரியில் நிம்மதியாக இருக்கும்.

48 நிமிடப் பேச்சு. இதிலிருந்து ஒரே ஒரு தலைப்பை எப்படி எடுப்பது?

ஓர் எபிசோடை எடுத்துக்கொண்டு செய்து பார்ப்போம். விருந்தினர் ஒரு சைக்கிள் மெக்கானிக். நிகழ்ச்சிக்கு வைத்த பெயர் "சக்கரங்களோடு ஒரு வாழ்க்கை". காதுக்கு நல்ல பெயர்தான். எழுத்து வடிவத்தின் பக்கத்துக்கும் அதையே வைத்து, முன்னால் எண்ணையும் பின்னால் "டிரான்ஸ்கிரிப்ட்" என்பதையும் சேர்த்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, எழுத்து வடிவத்தை முழுதாகப் படித்து, எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை எதைப் பற்றிப் பேசினார்கள் என்று ஓரத்தில் குறிப்பது. இந்த எபிசோடில் முதல் ஆறு நிமிடம் அறிமுகமும் அவர் தொழிலுக்கு வந்த கதையும். ஆறிலிருந்து இருபத்தேழு வரை செயின் கழல்வது பற்றி. இருபத்தேழிலிருந்து முப்பத்தைந்து வரை பிரேக் கிறீச்சிடுவது. மீதி நேரம் பழைய சைக்கிள் வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பது. இப்படிக் குறித்ததுமே எடை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்: இருபத்தொரு நிமிடம் செயினுக்கு.

அடுத்து, அந்தப் பகுதி தொடங்கும் இடத்தில் தொகுப்பாளர் கேட்ட கேள்வியைத் தேடுங்கள். இதில் 06:12-இல் இருக்கிறது: "அண்ணே, கியர் மாத்தும்போது மட்டும் செயின் கழண்டு விழுதே, அது எதனால?" மற்ற எதையும்விட இந்த வரி உங்களுக்கு அதிகம் உதவும். தொழில் தெரியாத ஒருவர், தெரிந்தவரிடம், தன் சொல்லில் கேட்டது அது. தேடுபெட்டி முன்னால் உட்கார்ந்திருப்பவரும் அதே இடத்தில்தான் இருக்கிறார்.

பதிலில் மெக்கானிக் என்ன சொல்கிறார் என்றும் பார்க்க வேண்டும். கியர் மாற்றச் செயினைத் தள்ளும் பாகமான டீரெய்லர் அதை எதுவரை தள்ளலாம் என்று எல்லை கட்டும் இரண்டு சிறிய திருகுகள் இருக்கின்றன, அவை சரியாக இல்லாவிட்டால் செயின் பல்சக்கரத்தைத் தாண்டி விழும் என்கிறார். சைக்கிள் கீழே விழுந்ததில் பின் டீரெய்லரைத் தாங்கும் துண்டு வளைந்திருக்கலாம் என்கிறார். செயின் தேய்ந்து நீண்டிருக்கலாம் என்பதை மூன்றாவதாகச் சொல்கிறார். எல்லாமே கியர் மாற்றும் கணத்தைச் சுற்றித்தான் வருகின்றன.

இப்போது தலைப்பை எழுதிப் பார்க்கலாம். "சைக்கிள் பராமரிப்பு" என்று வைத்தால் அது மிக அகலம். அந்தத் தலைப்பை நம்பி வருபவர் டயருக்குக் காற்றடிப்பதிலிருந்து எல்லாவற்றையும் எதிர்பார்ப்பார், அவை இங்கே இல்லை. "டீரெய்லர் எல்லைத் திருகைச் சரிசெய்வது எப்படி?" என்றால் மிகக் குறுகல். திருகுதான் காரணம் என்று தெரிந்தவருக்குத்தான் அந்தச் சொல் தோன்றும், பெரும்பாலானோருக்குச் செயின் விழுகிறது என்பது மட்டுமே தெரியும். "செயின் கழல்வது ஏன்?" என்பது கிட்டத்தட்ட வந்துவிட்டது. ஆனால் எந்தச் செயின், எப்போது என்ற இரண்டும் இல்லை. "சைக்கிள் செயின் கியர் மாற்றும்போது கழல்வது ஏன்?" என்றதும் பேச்சும் தலைப்பும் ஒன்றுக்கொன்று பொருந்திவிடுகின்றன. தொகுப்பாளரின் கேள்வியிலிருந்து "மட்டும்", "அண்ணே" இரண்டையும் எடுத்துவிட்டு, "சைக்கிள்" என்ற ஒரு சொல்லைச் சேர்த்து, எழுத்துத்தமிழாக்கியிருக்கிறோம். அவ்வளவுதான் மாற்றம்.

"சைக்கிள்" என்பதைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. பேசும்போது இருவருக்கும் இடம் தெரியும், அதனால் எதைப் பற்றிய பேச்சு என்பதைச் சொல்ல மாட்டார்கள். 21 நிமிடப் பேச்சில் "சைக்கிள்" என்ற சொல் இரண்டே முறை வந்திருந்தாலும் வியப்பில்லை. பேச்சு விட்டுவிட்டதைத் தலைப்பு நிரப்ப வேண்டும்.

ஒரே எபிசோடில் மூன்று விஷயம் பேசியிருக்கிறோமே, மற்ற இரண்டையும் தலைப்பில் சேர்க்க வேண்டாமா?

வேண்டாம். "செயின் கழல்வது, பிரேக் சத்தம், பழைய சைக்கிள் வாங்குவது" என்று அடுக்கினால் மூன்றில் எதைத் தேடி வந்தவருக்கும் அது தன் பக்கமாகத் தெரியாது. கனமான ஒன்றைத் தலைப்பாக்குங்கள். மற்றவை உள்ளே துணைத்தலைப்புகளாக, நேரக்குறிப்போடு நிற்கட்டும். துணைத்தலைப்பையும் அதே முறையில், யாராவது கேட்கக்கூடிய கேள்வியாக எழுதுங்கள்: "27:05 பிரேக் பிடித்தால் ஏன் கிறீச்சிடுகிறது?"

சில சமயம் ஒரு பகுதி தனியே எழுந்து நிற்கும். பழைய சைக்கிள் வாங்குவது பற்றிய 13 நிமிடம் அப்படிப்பட்டது. முன்னால் பேசியதைப் படிக்காமலே அது புரியும், தேடி வருபவரும் முற்றிலும் வேறு ஆள். அதற்குத் தனிப் பக்கமும் தனித் தலைப்பும் கொடுக்கலாம். அப்படிச் செய்தால் அந்த வாசகத்தை முதல் பக்கத்தில் மறுபடி முழுதாகப் போடாமல், இரண்டு வரியில் சுருக்கி அங்கே இணைப்புக் கொடுங்கள். ஒரே வாசகம் இரண்டு பக்கத்தில் இருந்தால் எதைக் காட்டுவது என்ற முடிவு உங்கள் கையை விட்டுப் போய்விடும். பிரேக் பற்றிய எட்டு நிமிடத்தைப் பிரிக்க மாட்டேன். அதில் பாதி "அதான் அப்போ சொன்னேன்ல" என்று செயின் பேச்சைச் சுட்டியே போகிறது.

பேசியது பேச்சுத்தமிழ். தலைப்பை எழுத்துத்தமிழில் வைப்பதா, பேசியபடியே வைப்பதா?

தலைப்பை எழுத்துத்தமிழில் வையுங்கள், பக்கத்தின் உடலைப் பேசியபடி விடுங்கள். "கழண்டு விழுது" என்பதற்கு எழுத்தில் நிலையான வடிவம் கிடையாது. ஒருவர் "கழண்டு" என்பார், இன்னொருவர் "கழன்டு" என்பார், மூன்றாமவர் "கழட்டிக்குது" என்பார். தலைப்பில் எல்லோரும் ஒரே மாதிரி படிக்கும் வடிவம் இருப்பது நல்லது. தேடுபவர் பேச்சு வடிவத்தில் தட்டினால் அந்தச் சொல் உடலில் இருக்கும். எழுத்து வடிவத்தின் பெரிய பலமே இதுதான்: ஒரே செயலை "கழண்டு", "விழுந்துடும்", "வெளிய வந்துடுது" என்று பத்து விதமாக மெக்கானிக்கே சொல்லியிருப்பார். திருத்துகிறேன் என்று எல்லாவற்றையும் "கழன்றுவிடுகிறது" ஆக்கினால் அந்த வாசல்களையெல்லாம் நீங்களே சாத்துகிறீர்கள். தடுமாற்றத்தையும், சொன்னதையே திரும்பச் சொன்னதையும் நீக்கலாம். வினைச்சொல்லில் கை வைக்க வேண்டாம்.

"செயின்" என்பதா "சங்கிலி" என்பதா என்றும் கேட்பார்கள். தமிழ்ச் சொல் மீது எனக்கு மிகுந்த பற்று உண்டு. ஆனாலும் இங்கே "செயின்" என்றே வைப்பேன். சைக்கிள் ஓட்டுபவர் வாயில் வருவது அதுதான், 21 நிமிடமும் ஒலிப்பது அதுதான். தலைப்பில் "சங்கிலி" என்று போட்டு, உடலில் ஓரிடத்தில்கூட அந்தச் சொல் இல்லை என்றால், வந்தவர் பக்கத்துக்குள் தேடிப் பார்த்துவிட்டு இது வேறு ஏதோ என்று போய்விடுவார். பக்கத்தின் மேலே ஒரு சுருக்கம் எழுதி, அதில் ஒருமுறை "சங்கிலி" என்று சொல்லுங்கள், அந்தச் சொல்லால் தேடுபவருக்கு அது போதும்.

தலைப்பு எத்தனை எழுத்து வரை இருக்கலாம்?

இத்தனைதான் என்ற உச்சவரம்பைக் கூகுள் வைக்கவில்லை. திரையின் அகலத்துக்கு மேல் போனால் தேடல் முடிவில் வெட்டிக் காட்டும், அவ்வளவுதான். இங்கே தமிழுக்கு இரண்டு தனிச் சிக்கல்கள் உண்டு.

முதலாவது எண்ணிக்கை. "50 முதல் 60 எழுத்து" என்று எங்கும் சொல்லப்படுவது ஆங்கில எழுத்தின் அகலத்தை வைத்து. நம் எழுத்தில் "செயின்" என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ஆறு, ஏனென்றால் கொம்பையும் விசிறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும்:

```js
"செயின்".length   // 6
```

ஆகவே எண்ணிச் சொல்லும் கருவி "நீளம் அதிகம்" என்று சிவப்புக் காட்டினாலும் நம்பாதீர்கள், பச்சை காட்டினாலும் நம்பாதீர்கள். கைபேசியில் தேடிப் பார்த்து, உங்கள் வரி எங்கே வெட்டுப்படுகிறது என்று கண்ணால் பார்ப்பதுதான் சரியான அளவு.

இரண்டாவது, நம் வாக்கிய அமைப்பு. தமிழில் வினையும் வினாச்சொல்லும் கடைசியில் வரும். "பல வருட அனுபவம் உள்ள மெக்கானிக் விளக்குகிறார்: கியர் உள்ள சைக்கிள்களில் செயின்..." என்ற இடத்தில் வெட்டுப்பட்டால், செயினுக்கு என்ன ஆனது என்பதே தெரியாமல் போகும். எனவே கேள்வி முழுதாக முதலில் முடிந்துவிட வேண்டும், மெக்கானிக்கும் நிகழ்ச்சிப் பெயரும் அதன் பிறகு. வெட்டுப்பட்டால் அவைதான் வெட்டுப்படட்டும். "குறித்த ஒரு பார்வை", "பற்றிய கலந்துரையாடல்" போன்ற வால்களை எடுத்துவிட்டாலே பாதிச் சிக்கல் தீரும்.

ஒலிக்கு வைத்த பெயர், பக்கத்தின் `<title>`, மேலே பெரிதாகத் தெரியும் `h1`. மூன்றும் ஒன்றாகவே இருக்க வேண்டுமா?

ஒலிக்கு வைத்த பெயர் வேறாக இருக்கலாம். பாட்காஸ்ட் செயலியில் அது ஏற்கெனவே உங்கள் நிகழ்ச்சிக்குள் நுழைந்தவருக்கானது. அங்கே "சக்கரங்களோடு ஒரு வாழ்க்கை" என்பதே இருக்கட்டும். மற்ற இரண்டும் ஒரே பொருளைச் சொல்ல வேண்டும், ஒரே சொற்களில் தொடங்க வேண்டும்.

```html
<title>சைக்கிள் செயின் கியர் மாற்றும்போது கழல்வது ஏன்? – மெக்கானிக் பேச்சு, எழுத்து வடிவில்</title>

<h1>சைக்கிள் செயின் கியர் மாற்றும்போது கழல்வது ஏன்?</h1>
<p>எபிசோட் 47: சக்கரங்களோடு ஒரு வாழ்க்கை. 48 நிமிடம்.</p>
```

"எழுத்து வடிவில்" என்பதை `<title>`-இல் விட்டிருப்பதைக் கவனியுங்கள். அந்தச் சொல்லை யாரும் தேட மாட்டார்கள் என்றாலும், வருபவர் கட்டுரையை எதிர்பார்த்து வந்து உரையாடலைக் கண்டு திகைக்காமல் இருக்க அது உதவும்.

நான் ஒரு தலைப்பு வைத்தேன், கூகுள் வேறொன்றைக் காட்டுகிறது. ஏன்?

தேடல் முடிவில் தெரியும் தலைப்பை `<title>`-இலிருந்து மட்டும் கூகுள் எடுப்பதில்லை. பக்கத்தில் பெரிதாகத் தெரியும் தலைப்பு, `h1` போன்றவை, சமூக ஊடகத்தில் பகிரும்போது தெரியும் `og:title`, உங்கள் பக்கத்தை நோக்கி வரும் இணைப்புகளின் வாசகம் எல்லாவற்றையும் பார்க்கிறது. `<title>` பொருந்தவில்லை என்று கருதினால் மற்றவற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

எழுத்து வடிவப் பக்கங்களில் இது மூன்று காரணங்களால் நடப்பதைப் பார்க்கலாம். எல்லாப் பக்கத்திலும் ஒரே வாசகம் இருந்து எண் மட்டும் மாறுவது முதல் காரணம். "நிகழ்ச்சிப் பெயர், டிரான்ஸ்கிரிப்ட், எபிசோட் 46", அடுத்தது 47 என்று போனால், எது எதைப் பற்றியது என்று அந்தத் தலைப்புகளிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. இரண்டாவது, எழுத்து மாறுவது. உடல் முழுக்கத் தமிழ் எழுத்தில் இருக்கும்போது தலைப்பு ஆங்கில எழுத்தில் இருந்தால் அதைப் பொருத்தமின்மையாக எடுத்துக்கொள்வதாகக் கூகுளே சொல்கிறது. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுபவர்களை எண்ணித் தலைப்பையும் அப்படியே வைப்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும். மூன்றாவது, `h1` ஒன்றும் `<title>` ஒன்றும் சொல்வது. பழைய பக்கத்தில் `<title>`-ஐ மட்டும் திருத்திவிட்டு, மேலே "சக்கரங்களோடு ஒரு வாழ்க்கை" என்பதை மறந்து விட்டிருப்பீர்கள். முதலில் அதைப் போய்ப் பாருங்கள்.

தலைப்பு சரியாக இருக்கிறது, ஆட்கள் வருகிறார்கள், வந்தவுடன் போய்விடுகிறார்கள். எங்கே தவறு?

பக்கத்தின் முதல் திரையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். "வணக்கம், வணக்கம், எப்படி இருக்கீங்க" என்று தொடங்கி ஆறு நிமிடப் பேச்சுக்குப் பிறகுதான் செயின் வரும். ஆறு நிமிடப் பேச்சு எழுத்தில் பல திரை நீளம். தலைப்பு சொன்ன விஷயம் கண்ணில் படாததால் போய்விடுகிறார்கள். முழு எழுத்து வடிவத்துக்கு மேலே பதிலை மூன்று நான்கு வரியில் எழுதுங்கள், அதன் கீழே 06:12-க்கு நேராகப் போகும் இணைப்பை வையுங்கள். அறிமுகத்தை வெட்ட வேண்டாம், அது பேச்சின் பகுதி. தாண்டிப் போக வழி இருந்தால் போதும்.

தலைப்பில் உள்ள சொல் உடலில் பிழையாக எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். தானாக எழுத்தாக்கும் வசதியைப் பயன்படுத்தியிருந்தால் "டீரெய்லர்" என்பது பல இடங்களில் "டிரெய்லர்" என்று விழுந்திருக்கும். படிப்பவர் குழம்பிப் போவார், சரியான சொல்லால் தேடுபவருக்குப் பக்கம் அகப்படாது. தொழிற்சொற்களையும் ஆட்பெயர்களையும் மட்டுமாவது ஒலியைக் கேட்டுக்கொண்டே கையால் திருத்துங்கள்.

யூடியூபில் சப்டைட்டில் இருக்கிறதே, தனிப் பக்கம் எதற்கு?

சப்டைட்டில் அந்தக் காணொளியோடு ஓடுவது. அதற்கென்று தனித் தலைப்போ, துணைத்தலைப்போ, யாரும் இணைப்புக் கொடுக்கக்கூடிய முகவரியோ கிடையாது. பாட்காஸ்ட் ஊட்டத்தில் `podcast:transcript` குறிச்சொல் வழியாகக் கோப்பைச் சேர்ப்பதும் அப்படியே: கேட்கும் செயலிக்குள் வாசகம் ஓடும், கேட்கச் சிரமப்படுபவர்களுக்கு அது அவசியம், கட்டாயம் செய்யுங்கள். தேடி வருபவருக்குப் பக்கம்தான் வேண்டும்.

ஒலி உள்ள எபிசோட் பக்கம் ஒன்று, எழுத்து வடிவத்துக்கு ஒன்று என்று இரண்டு வைத்திருக்கிறோம். சரியா?

நான் ஒன்றாகவே வைப்பேன். ஒலியை மேலே வைத்து வாசகத்தைக் கீழே வைத்தால் இரண்டுக்கும் சேர்த்து ஒரு தலைப்புப் போதும். நீளமாக இருக்கிறதே என்று மடித்து வைத்தாலும் பரவாயில்லை, ஆனால் வாசகம் பக்கத்தின் மூலத்திலேயே இருக்க வேண்டும். பொத்தானை அழுத்திய பிறகுதான் எங்கிருந்தோ கொண்டுவரப்படுகிறது என்றால், தேடுபொறி பொத்தானை அழுத்தாது. இரண்டாகவே வைத்தாக வேண்டுமென்றால், எழுத்து வடிவத்தின் தலைப்பு கேள்வியாகவும் எபிசோட் பக்கத்தின் தலைப்பு நிகழ்ச்சிப் பெயராகவும் இருக்கட்டும்.

பழைய எபிசோட்கள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது? முகவரியையும் மாற்ற வேண்டுமா?

உங்கள் பக்கங்கள் தேடலில் எப்படித் தோன்றுகின்றன என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் செயல்திறன் அறிக்கையைத் திறந்து, பக்கங்கள் என்ற பிரிவில், அதிகமாகத் தோன்றியும் சொடுக்கு விழாத பக்கங்களைப் பாருங்கள். ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்து, எந்தத் தேடல் சொற்களுக்கு அது தோன்றியது என்று படியுங்கள். அரிதான தேடல்களை அறிக்கை காட்டாது, ஆனாலும் வடிவம் புரிந்துவிடும். சைக்கிள் எபிசோடில் "செயின்" வரும் தேடல்கள் நிறைய இருந்து, தலைப்பில் அந்தச் சொல்லே இல்லை என்றால், அந்தப் பக்கத்தை முதலில் எடுங்கள். ஒருவேளை பழைய சைக்கிள் வாங்குவது பற்றிய தேடல்களே அதிகம் என்று தெரிந்தால், நிமிடக் கணக்கை வைத்து நாம் எடுத்த முடிவை மாற்றி, அந்தப் பகுதியைத் தனிப் பக்கமாக்க அதுவே காரணம்.

முகவரியை மாற்ற வேண்டாம். `/episode-47` என்று இருந்தால் அப்படியே இருக்கட்டும், தலைப்பை மாற்றுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. மாற்றியே ஆக வேண்டிய நிலை வந்தால் பழையதிலிருந்து புதியதற்கு 301 என்ற நிரந்தரத் திருப்பிவிடல் போடுங்கள். தலைப்பை மாற்றிய நாளை எங்காவது குறித்து வையுங்கள். கூகுள் அந்தப் பக்கத்தை மறுபடி வந்து படிக்கச் சில நாட்களும் ஆகலாம், சில வாரங்களும் ஆகலாம். அறிக்கை 16 மாதம் பின்னோக்கிக் காட்டும் என்பதால், மாற்றத்துக்கு முந்திய இரண்டு மாதத்தையும் பிந்திய இரண்டு மாதத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒரே வாரத்தில் ஐம்பது பக்கத்தை மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. ஐந்தாறாக எடுத்து மாற்றுங்கள், ஒவ்வொன்றுக்கும் அந்த 06:12 போன்ற வரியைத் தேடிப் படிக்க எப்படியும் அவ்வளவு நேரம் ஆகும்.